அவனிடம் போன செய்தி எனக்கு ஏன் வரவில்லை?

*நான் கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். வயது 29. நண்பன் கல்யாணத்தில் அறிமுகமான ஒரு பெண்ணோடு பத்து வாரமாகப் பழகுகிறேன். அவளுக்கு 27, பிசியோதெரபிஸ்ட். இரண்டு வீட்டிலும் இன்னும் சொல்லவில்லை. அவளுக்குக் காலேஜ் நாளிலிருந்து, எட்டு வருஷமாக, ஒரு ஆண் நண்பன். வாடா போடா, வாடி போடி என்றுதான் பேச்சு. தினமும் போன். போன மாதம் அவள் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து ஆஞ்சியோ செய்தார்கள். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் கூட இருந்தது அவன். எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும், அதுவும் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ராத்திரி பதினொன்றரைக்கு இரண்டு பேரும் ஆன்லைனில் இருக்கிறார்களா என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. என் நண்பர்கள் 'பெஸ்டி இருக்குற பொண்ணு, வேணாம்டா' என்கிறார்கள். அடுத்த மாதம் கும்பகோணத்தில் அவன் தங்கை கல்யாணம். என்னையும் வரச் சொல்கிறாள். மனதில் இருப்பதைச் சொன்னால் சந்தேகப் பேர்வழி ஆகிவிடுவேன். சொல்லாவிட்டால் உள்ளுக்குள்ளேயே வெந்துகொண்டிருப்பேன். சொல்லலாமா?*

*பெயர் வேண்டாம், கோவை*

தம்பி, சொல்லுங்கள். எதைச் சொல்வது என்பதில்தான் எனக்கு உங்களோடு கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

இந்த மாதிரிக் கடிதம் வந்தால் பென்சிலை எடுத்துக்கொண்டு, எழுதியவர் எந்த இடத்தில் நிதானமாக நிற்கிறார் என்று பார்ப்பது என் வழக்கம். தினசரி போனை நீங்கள் இரண்டே சொல்லில் முடித்துவிட்டீர்கள். வாடி போடியும் ஒரு வரிதான். ஆஸ்பத்திரிக்கு வந்ததும் எழுத்து விரிகிறது. யார் இருந்தார்கள், எவ்வளவு நேரம், உங்களுக்கு எப்போது தெரிந்தது, எந்த மாதிரிச் சொன்னாள் என்று எல்லாம் வருகிறது. வலிக்கிற இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். அன்று ராத்திரி ஆஸ்பத்திரியில் இருந்தது அவளுடைய ஒரு தோழி என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு அப்போதும் இரண்டு நாள் கழித்துத்தான் தெரிகிறது. வலித்திருக்குமா? இதே கேள்வியை என்னிடம் ஆலோசனைக்கு வந்து எதிரில் உட்காருபவர்களிடம் நான் கேட்பதுண்டு. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'வலிச்சிருக்கும் மேடம், ஆனா இவ்வளவு இல்ல' என்பார்கள். அந்தப் பதிலில் இரண்டு சாமான் ஒரே மூட்டையில் கட்டிக் கிடக்கின்றன. பெரியது, 'எனக்கு ஏன் சொல்லவில்லை' என்கிற மனத்தாங்கல். மற்றது, அவன் ஆண் என்பதால் வருகிற பயம். முதலாவதை அவளிடம் கொண்டுபோகலாம், அவளால் அதற்கு ஏதாவது செய்ய முடியும். இரண்டாவதில் பெரும்பகுதிக்கு அவளால் எதுவும் செய்ய முடியாது. அவன் ஆணாக இருப்பதை அவள் மாற்ற முடியாதல்லவா.

முதலாவதைப் பார்ப்போம். அப்பாவுக்கு நெஞ்சு வலி என்றதும் அவள் ஏன் அவனைக் கூப்பிட்டாள்? ஆஞ்சியோ வார்டின் வாசலை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். ராத்திரி கூட இருக்கப் பெரும்பாலும் ஒரே ஒருவருக்குத்தான் பாஸ் தருவார்கள். மருந்துச் சீட்டோடு கீழே ஓட வேண்டும், இன்சூரன்ஸ் கவுண்டரில் நிற்க வேண்டும், வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டுத் தைரியம் சொல்ல வேண்டும். அவனை அந்த அம்மாவுக்கு எட்டு வருஷமாகத் தெரியும். 'தம்பி வந்துட்டியா' என்று கேட்டிருப்பார். நீங்கள் போய் நின்றிருந்தால்? உங்களை யாரென்று சொல்லியிருப்பாள்? இரண்டு வீட்டிலும் இன்னும் சொல்லவில்லை என்று எழுதியது நீங்கள்தான். அன்று ராத்திரி அவள் உங்களைக் கூப்பிட முடியாமல் போனதற்கு அவனைவிட இந்த வரி பெரிய காரணம். யார் முக்கியம் என்று அவள் அந்த நேரத்தில் தராசு பிடித்துப் பார்த்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு யாரைத் தெரியுமோ அவர்களைக் கூப்பிட்டிருக்கிறாள்.

அதற்காக உங்கள் வருத்தம் தப்பு என்று சொல்ல மாட்டேன். வரச் சொல்ல முடியாது, சரி. மறுநாள் காலை 'அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, அப்புறம் பேசறேன்' என்று ஒரு வரி அனுப்பியிருக்கலாம். பத்து வாரம் பழகிய ஒருவர் அதை எதிர்பார்ப்பதில் தப்பில்லை. நீங்கள் அவளிடம் கொண்டுபோக வேண்டிய விஷயம் இதுதான், இது மட்டும்தான்.

ஆனால் அதற்கு முன்னால் அந்தப் பதினொன்றரை மணி.

இரண்டு பேரும் ஆன்லைனில் இருந்தால் என்ன தெரிகிறது? இரண்டு போனில் வாட்ஸ்அப் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். அவள் அக்காவோடு சேலை படம் பார்த்துக்கொண்டிருக்கலாம், அவன் ஆபீஸ் குரூப்பில் திட்டு வாங்கிக்கொண்டிருக்கலாம். இருவரும் ஆன்லைனில் இல்லாவிட்டாலும் உங்களுக்கு நிம்மதி கிடைக்காது, 'அப்போ போனில் பேசுகிறார்களோ' என்று தோன்றும். திருக்குறளில் புலவி நுணுக்கம் என்று ஒரு அதிகாரம் உண்டு. அதில் காதலன் தும்முவான். 'எவள் நினைத்து இந்தத் தும்மல்' என்று காதலி அழுவாள். அடுத்த குறளில் அவன் புத்திசாலித்தனமாகத் தும்மலை அடக்கிக்கொள்வான். 'உன்னை யாரோ நினைப்பதை என்னிடம் மறைக்கப் பார்க்கிறாயா' என்று அதற்கும் அழுவாள். வள்ளுவர் அதைச் சிரிப்போடு எழுதியிருக்கிறார். பதினொன்றரை மணிக்கு உங்களுக்குச் சிரிப்பு வராது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நீங்கள் தேடிக்கொண்டிருப்பது அந்தத் தும்மலைத்தான்.

கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் 2009-ல் மூன்று ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஃபேஸ்புக்கையும் பொறாமையையும் பற்றிக் கேட்டார்கள். அதில் அதிக நேரம் இருந்தவர்களிடம் பொறாமையும் அதிகமாக இருந்தது. இது ஒரு சுழற்சியாக இருக்கலாம் என்றார்கள். பார்க்கப் பார்க்க அரைகுறைத் தகவல் கிடைக்கிறது, அரைகுறைத் தகவல் சந்தேகத்தைக் கிளப்புகிறது, சந்தேகம் திரும்பவும் பார்க்க வைக்கிறது. என் அறையில் நான் பார்ப்பதும் ஏறக்குறைய இதேதான்.

ஆகையால் முதல் வேலையாக, ராத்திரி பத்தரைக்குப் போனைக் கூடத்தில் சார்ஜ் போட்டுவிட்டு வந்து படுங்கள். இன்ஸ்டாகிராமில் அவனைப் பின்தொடர்கிறீர்கள் என்றால் விட்டுவிடுங்கள், அல்லது மியூட் செய்யுங்கள். முதல் மூன்று நான்கு நாள் கை அரிக்கும், முன்பைவிட அதிகமாகவே அரிக்கும். அப்புறம் மெல்ல இறங்கும். பார்க்கத் தோன்றும்போதெல்லாம் ஒரு காகிதத்தில் மணியையும், அன்று சாயங்காலம் என்ன நடந்தது என்பதையும் ஒரு வரி எழுதி வையுங்கள். நீங்கள் கணக்குப் பார்க்கிறவர், பதிவு எழுதுவது உங்களுக்குச் சிரமமில்லை. இரண்டு வாரம் கழித்து அந்தக் காகிதத்தைப் பாருங்கள். பலருக்கு அந்த நாள்களும் அவன் ஏதாவது செய்த நாள்களும் பொருந்துவதே இல்லை. அவள் களைத்துப்போய்ச் சீக்கிரம் போனை வைத்த நாள், ஆபீசில் மேனேஜர் முகம் கொடுக்காத நாள், இப்படித்தான் இருக்கும்.

நண்பர்கள் பேச்சுக்கு வருகிறேன். இந்த 'பெஸ்டி' என்கிற சொல்லை வைத்து எத்தனை மீம், எத்தனை ரீல்ஸ்! என் மகன் காட்டி நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் உங்கள் நண்பர்கள் அந்தப் பெண்ணோடு பத்து நிமிஷம் பேசியிருப்பார்களா? அவர்கள் தருவது அவளைப் பற்றிய தகவல் அல்ல, மீமிலிருந்து எடுத்த வசனம்.

அவர்கள் வாதத்தில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஓ கிளேர் வளாகத்தில் 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆணும் பெண்ணுமாக நட்பில் இருந்த 88 ஜோடிகளைத் தனித்தனியாகக் கேட்டார்கள். தோழி மேல் ஈர்ப்பு இருப்பதாகச் சொன்னதில் ஆண்கள்தான் அதிகம். தோழிக்கும் தன் மேல் ஈர்ப்பு இருக்கிறது என்று கூட்டிக் கணக்குப் போட்டதும் ஆண்கள்தான். ஆகவே அவனுக்கு மனதின் ஓரத்தில் ஏதாவது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் அது அவனுடைய சங்கதி. எட்டு வருஷம் கையெட்டும் தூரத்தில் இருந்தவனை விட்டுவிட்டு, எங்கேயோ ஒரு கல்யாணத்தில் பார்த்த உங்களோடு அவள் பத்து வாரமாக வந்துகொண்டிருக்கிறாள். இதை ஏன் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை?

அப்படியானால் எந்த நட்பைப் பார்த்துப் பயப்பட வேண்டும்? இதற்கு ஷெர்லி கிளாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்ன உவமை எனக்கு முப்பது வருஷத் தொழிலில் பெரும் உதவியாக இருந்திருக்கிறது. காதலில் இருக்கும் இருவருக்கு நடுவில் ஜன்னல் இருக்க வேண்டும், வெளியாருக்கும் அவர்களுக்கும் நடுவில் சுவர் இருக்க வேண்டும். இது இடம் மாறி, நண்பன் பக்கம் ஜன்னலும் உங்கள் பக்கம் சுவருமாக ஆகிவிட்டால் அப்போது கவலைப்படலாம் என்றார்.

அப்படி ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அடையாளத்தை மாற்றிச் சொல்கிறேன். நிச்சயமான ஒரு பெண், மாப்பிள்ளைக்கு ஒரு நெருங்கிய தோழி. ஒன்பது மாதத்தில் அந்தத் தோழியை இவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. 'ஒரு நாள் கூட்டிட்டு வாங்களேன்' என்றால் ஏதாவது சாக்கு வரும். இவள் பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் போனைக் கவிழ்த்து வைப்பார். தோழியின் எண்ணை ஒரு பிளம்பர் பெயரில் சேமித்து வைத்திருந்தார். இவளோடு சண்டை வந்தால் அது அன்று ராத்திரியே அந்தத் தோழிக்குத் தெரிந்துவிடும், ஆனால் தோழி வீட்டில் என்ன நடக்கிறது என்று இவளுக்கு ஒன்றுமே தெரியாது. எட்டு மாதம் இவளும் 'நான்தான் சந்தேகப் பிராணியோ' என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் கல்யாணம் நின்றது. அவள் அடிமனது சொன்னது சரிதான்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருவோம். அப்படி ஒரு நண்பன் இருப்பது உங்களுக்குத் தெரியும். போன் வந்தால் வந்தது என்று தெரிகிறது. ஆஸ்பத்திரியில் அவன் இருந்ததைச் சொன்னதே அவள்தான். தாமதமாகச் சொன்னாள், ஆனால் மறைக்க நினைத்திருந்தால் அவன் பெயரையே விட்டுவிட்டு ஆஞ்சியோவை மட்டும் சொல்லியிருக்கலாம். 'பேச்சோடு பேச்சாக' அவன் பெயர் வந்ததை அவளுடைய அலட்சியம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். ஒளிக்க எதுவும் இல்லாதவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் மேல், அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு உங்களை அழைத்திருக்கிறாள். தன் வீட்டில்கூட இன்னும் சொல்லாத ஒருவரைத் தன் பழைய நண்பர்கள் கூட்டத்துக்கு நடுவில் கூட்டிக்கொண்டு போகத் தயாராக இருக்கிறாள். இதை நீங்கள் ஒரு தொந்தரவு மாதிரி எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணுக்கு இது நன்றாகவே திறந்திருக்கும் ஜன்னல்.

சரி, எப்படிச் சொல்வது. ஜான் காட்மேன் என்பவர் சிபில் கரேருடன் சேர்ந்து 1999-ல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகக் கல்யாணமான 124 தம்பதிகளின் வாக்குவாதத்தைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். முதல் 3 நிமிஷம் போன போக்கை வைத்தே பின்னால் யார் பிரிவார்கள் என்று ஓரளவு சொல்ல முடிந்தது. பேச்சு எப்படி ஆரம்பிக்கிறதோ பெரும்பாலும் அப்படியே முடிகிறது. 'அவன் யாரு உனக்கு?' என்று ஆரம்பித்தால், அடுத்த ஒரு மணி நேரம் அவள் அவனுக்காக வாதாடிக்கொண்டிருப்பாள். நீங்களே அவளை அவன் வக்கீலாக்கியது மாதிரி. உங்கள் வருத்தத்தைப் பற்றிப் பேச நேரமே வராது.

ராத்திரி வாட்ஸ்அப்பில் வேண்டாம், வாய்ஸ் நோட் வேண்டவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை ரேஸ்கோர்ஸில் ஒரு சுற்று நடங்கள். முகத்துக்கு முகம் பார்த்துப் பேசுவதைவிடப் பக்கத்தில் நடந்தபடி பேசுவது இந்த மாதிரி விஷயத்துக்குச் சுலபம். நடுவில் மௌனம் வந்தாலும் கால் நடந்துகொண்டிருக்கும். உங்கள் சொல்லில், கிட்டத்தட்ட இப்படி:

'உங்கப்பா ஆஸ்பத்திரில இருந்தது ரெண்டு நாள் கழிச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சது. அது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. அவன் வந்து கூட இருந்தது நல்லதுதான், என்னால வீட்டு முன்னாடி வந்து நிக்க முடியாதுன்னு எனக்கும் புரியுது. ஆனா அடுத்த தடவ இப்படி ஏதாச்சும்னா ஒரு மெசேஜ் போட்டுடு. எனக்குத் தெரியணும்.'

இவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வதுதான் கஷ்டம். 'அப்புறம் இன்னொன்னு, டெய்லி அவ்ளோ நேரம் என்ன பேசுவீங்க?' என்று வாய் தானாக நீளும். நீண்டதென்றால் முதலில் சொன்னது அத்தனையும் அதற்கு முன்னுரையாகிவிடும்.

அந்த இன்னொரு உணர்வை, பொறாமையை, சொல்லவே கூடாதா என்று கேட்பீர்கள். சொல்லலாம், வேறொரு நாளில். 'நீங்க ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசும்போது சில நேரம் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு மாதிரி ஆகுது. நீ ஒண்ணும் மாத்த வேணாம், சும்மா சொல்லணும்னு தோணுச்சு.' மாத்த வேண்டாம் என்று சொன்னால் நிஜமாகவே எதையும் எதிர்பார்க்காமல் இருக்க முடியுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். முடியாது என்றால் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். நான் கல்யாணமான புதிதில், என் கணவரின் பள்ளித் தோழி போன் செய்யும்போதெல்லாம் எனக்குத் தலைவலி வரும். ஏழு மாதம் தலைவலி தைலம் தேய்த்தேன். ஒருநாள் உண்மையைச் சொன்னதும் மனிதர் ஆச்சரியப்பட்டு, 'இதுக்கா?' என்றார். அவர் எதையும் மாற்றவில்லை. எனக்குத் தலைவலி மட்டும் நின்றது.

கேட்கக் கூடாதவை சில இருக்கின்றன. அவனோடு பேசாதே, போனைக் காட்டு, பாஸ்வேர்டு கொடு. பத்து வாரத்தில் மட்டுமல்ல, பத்து வருஷம் ஆனாலும் இதற்கு உரிமை வராது. என்னிடம் வரும் பல பெண்கள் 'முதலில் ஒரு நண்பனைத்தான் விடச் சொன்னார்' என்று ஆரம்பிப்பார்கள், கதை வேலையை விட்டதில் போய் முடியும். ஆனால், இருவரும் வெளியே போயிருக்கும்போது நீண்ட போன் வேண்டாம் என்று கேட்கலாம். அது அவன் போனுக்கும் பொருந்தும், அவள் சித்தி போனுக்கும் பொருந்தும், உங்கள் மேனேஜர் போனுக்கும் பொருந்தும். நீங்கள் இருவரும் போட்ட சண்டை அவனிடம் போக வேண்டாம் என்றும் கேட்கலாம்.

அவள் என்ன பதில் சொல்கிறாள் என்பதில் அன்றைக்கே முடிவு கட்டாதீர்கள். 'அடடா, எனக்குத் தோணவே இல்ல' என்று உடனே சொல்பவர்களும் உண்டு. கோபம் வந்தாலும் பயப்பட வேண்டாம். இதே விஷயத்துக்காக முன்னால் யாராவது அவளைப் படுத்தியிருக்கலாம், அந்தக் கணக்கில் உங்களுக்கும் சேர்த்துக் கிடைக்கும். இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். அடுத்த ஐந்தாறு வாரத்தில் வீட்டில் ஏதாவது நடந்தால் உங்களுக்கு ஒரு வரி வருகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். நீங்கள் சொன்னதை ஒவ்வொரு தடவையும் 'நீ ஓவரா பண்ற' என்று சிரித்தே தள்ளினால், எதுவும் மாறவும் இல்லை என்றால், அப்போது பிரச்சினை அவனைப் பற்றியது அல்ல. உங்கள் வருத்தத்துக்கு அவளிடம் காது இல்லை என்று அர்த்தம். அதை வைத்து நீங்கள் முடிவெடுக்கலாம்.

மாறாக, அவள் எல்லாம் சரியாகச் செய்தும் உங்கள் கை பதினொன்றரைக்குப் போனைத் தேடினால், முன்னால் பழகிய பெண்ணிடமும் இப்படியே இருந்தது என்று நினைவு வந்தால், பக்கத்தில் ஒரு ஆலோசகரை நேரில் பாருங்கள். அந்தப் பயம் அவளுக்கு முன்பே உங்களிடம் இருந்திருக்கிறது.

கும்பகோணத்துக்குப் போங்கள். பேச வேண்டியதை ரயிலுக்கு வைக்காதீர்கள். மயிலாடுதுறை ஜனசதாப்தியில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்து சீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார முடியாது. ஒரு வாரம் முன்னாலேயே ரேஸ்கோர்ஸ் நடையை முடித்துவிடுங்கள். தங்கை கல்யாணம் நடத்துகிற அண்ணனுக்கு அன்று பந்தியில் இலை போடவும் தண்ணீர் வைக்கவும் ஆள் பற்றாது. அவன் பக்கத்தில் போய், 'என்ன செய்யணும், சொல்லுங்க' என்று கேளுங்கள். இதுவரை உங்களுக்கு அவன் ஒரு ஆன்லைன் புள்ளி. ஒரு வாளி சாம்பாரைச் சேர்ந்து தூக்கினால் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். திரும்பி வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.